விருப்ப ஓய்வு, ஆட்குறைப்பு இழப்பீடு: வரி விலக்கு யாருக்கு?

விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் பெறும் இழப்பீட்டில் ரூ.5 லட்சம் வரை மட்டுமே வரி விலக்கு உண்டு. தனியார் நிறுவன ஊழியர் 40 வயதை நிறைவு செய்தவராகவோ 10 ஆண்டுகள் பணியாற்றியவராகவோ இருக்க வேண்டும். ரூ.22 லட்சம் பெறுபவருக்கு எஞ்சிய ரூ.17 லட்சமும் அந்த ஆண்டின் ஊதிய வருமானமாகவே கணக்கிடப்படும்.

இங்கு பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஆண்டில் பெருந்தொகை சேர்வதால் கூடும் வரிச்சுமையைக் குறைக்க நிவாரணம் கோரலாம். ஆனால், அந்த நிவாரணத்தைப் பெற்றவருக்கு ரூ.5 லட்சம் விலக்கு கிடையாது. எனவே, எது ஆதாயம் என முன்னதாகவே கணக்கிடுவது அவசியம். விலக்கும் வாழ்நாளில் ஒரு முறைதான்.

ஆட்குறைப்புக்கு விதி வேறு. சட்டப்படியான தொழிலாளருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், ரூ.5 லட்சம், பெற்ற தொகை ஆகியவற்றில் குறைவானதே விலக்கு பெறும். 15 நாள் ஊதியம் ரூ.15 ஆயிரம், பணிக்காலம் 12 ஆண்டுகள் எனில், பெற்ற ரூ.3 லட்சத்தில் ரூ.1.80 லட்சத்துக்கு விலக்கு கிடைக்கும். மேலாளர்கள் சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்பதால், அவர்களது பணிநீக்க இழப்பீட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது.