பிளினி சொன்ன நிழலும் எங்கட முற்றத்துத் தடியும்

குளோடியஸ் உரோமப் பேரரசனாக இருந்த காலத்தில் (கி.பி. 41–54) இலங்கையிலிருந்து நான்கு தூதர்கள் உரோமுக்குப் போனார்கள். அவர்களின் தலைவன் பெயர் ராக்கியாஸ் என்று மூத்த பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் எழுதி வைத்திருக்கிறார். 'ராசா' என்ற சொல்லைத்தான் உரோமர் அப்படிக் கேட்டிருக்க வேணும் எண்டு சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. இந்தப் பகுதியை நாங்கள் பெரும்பாலும் வணிகம் பற்றிக் கதைக்கிறபோதுதான் எடுக்கிறோம். ஆனால் அதே இடத்தில் பிளினி வானத்தைப் பற்றியும் நாலு விசயம் சொல்கிறார்.

முதலாவது, உரோமில் தங்கள் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு தூதர்கள் வியந்தார்களாம். இரண்டாவது, சூரியன் இடப்பக்கம் உதித்து வலப்பக்கம் மறைவதும் அவர்களுக்குப் புதுமையாம். தங்கள் நாட்டில் அது மறுவளமாம். மூன்றாவது, ஏழுமுனிவர் கூட்டத்தையும் கார்த்திகைக் கூட்டத்தையும் ஏதோ புது வானத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்களாம். நான்காவது, இலங்கை மாலுமிகள் நட்சத்திரம் பார்த்துக் கடலோடுவதில்லை; பறவைகளைக் கொண்டுபோய் இடைக்கிடை பறக்கவிட்டு, அவை போகிற திசையில் கரையைத் தேடுவார்கள்.

இதில் எது உண்மை? இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய சாட்சியைச் சோதிக்க எங்களிடம் ஆவணம் ஒன்றுமில்லை. ஆனால் சூரியன் இன்னும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் போகிறது. ஒரு மீற்றர் தடி ஒன்று இருந்தால் போதும்.

அந்தத் தடிக்கு எங்கள் பழைய நூல்களில் சங்கு என்று பேர். அதை வைத்துத் திசை பிடிக்கிற முறையைக் காத்யாயனரின் சுல்ப சூத்திரம் தெளிவாகச் சொல்கிறது. 'நெடுநல்வாடை'யில் அரண்மனைக்கு மனை வகுக்கிற நூலறி புலவர் நண்பகலில் கோல் நட்டுத் திசை குறிப்பதும் இந்த மரபுதான். காத்யாயனர் முறையின் அழகு என்னவென்றால், அதற்கு மணிக்கூடு தேவையில்லை. நண்பகல் எப்போது என்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் யூன் 21ஆம் திகதி இதைச் செய்கிறோம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முற்றத்தில் மட்டமான இடம் ஒன்றைப் பிடித்து, 100 சென்ரிமீற்றர் உயரம் நிற்கும்படி தடியை நடவேண்டும். தடி நேராக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். தடி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் நுனிக்கு நேர் கீழே நிலத்தில் எந்தப் புள்ளி இருக்கிறதோ, அதையே மையமாக எடுத்தால் சரி. ஏனென்றால் நாங்கள் பார்க்கப்போவது நுனியின் நிழலை மட்டும்தான். இப்போது அந்த மையத்திலிருந்து, தடியின் உயரமளவு கயிற்றால், அதாவது 100 சென்ரிமீற்றரில், ஒரு வட்டம் கீற வேண்டும்.

காலையில் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். சூரியன் ஏற ஏற அது குறுகி, ஏறக்குறைய 9.12 மணிக்கு நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு ஆணி. பிறகு நிழல் உள்ளே வந்து, குறுகி, திரும்ப நீளத் தொடங்கி, பிற்பகல் 3.12 போல மற்றப் பக்கத்தில் வட்டத்தைத் தொட்டு வெளியே போகும். அங்கே இன்னொரு ஆணி. இரண்டு ஆணியையும் இணைக்கிற கோடுதான் கிழக்கு மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியைத் தடியின் அடியோடு இணைத்தால் வடக்குத் தெற்கு.

ஏன் இது சரிவருகிறது? நண்பகலுக்கு முன்னும் பின்னும் சம நேரத்தில் சூரியன் சம உயரத்தில் நிற்கும். உயரம் சமன் என்றால் நிழலின் நீளமும் சமன். ஆக இரண்டு ஆணிகளும் வடக்குத் தெற்குக் கோட்டின் இரு புறமும் சம தூரத்தில்தான் இருக்க முடியும். மணியைக் கவனித்தால் இன்னொன்றும் விளங்கும். 9.12க்கும் 3.12க்கும் நடு 12.12. யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு உண்மையான நண்பகல் அதுதான். மணிக்கூட்டின் 12 அல்ல.

இதில் பிழைக்கிற இடங்கள் உண்டு. பின்னேரம் 3.12க்கு முகில் வந்து மறைத்தால் அன்றைய வேலை முழுக்க வீண். அதனால் 60, 80, 100 சென்ரிமீற்றரில் மூன்று வட்டம் கீறி, ஒவ்வொன்றுக்கும் காலையிலேயே ஆணி அடித்து வைப்பது நல்லது. மூன்றுக்கும் பின்னேரம் ஆணி கிடைத்தால் அதுவே பரீட்சையும் ஆகிவிடும். மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வரவேண்டும். வராவிட்டால் நிலம் மட்டமில்லை, அல்லது நுனியைப் பிழையாகக் குறித்திருக்கிறோம்.

இன்னொரு குறுக்குவழி பலருக்குத் தெரிந்திருக்கும். நிழல் நுனியை ஒருக்கா குறித்து, இருபது நிமிசம் கழித்துத் திரும்பக் குறித்து, இரண்டையும் இணைப்பது. நண்பகலை ஒட்டிச் செய்தால் அது நன்றாகவே வரும். ஆனால் யூன் 21 காலை 9.12க்கும் 9.32க்கும் செய்தால், எங்கட ஊரில் அந்தக் கோடு உண்மையான கிழக்கிலிருந்து 16 பாகை வடக்கே சரிந்து நிற்கும். நுனி போகிற பாதை நேர்கோடு இல்லை, வளைவு என்பதுதான் காரணம். முழு நாள் காத்திருக்கிற பழைய முறைக்கு இந்தக் குறை இல்லை.

இனிப் பிளினியிடம் வருவம். யூன் 21 நண்பகலில் அந்தத் தடியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கோ. தெற்கே, 24 சென்ரிமீற்றர். வடக்கே இல்லை! யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு 9.7 பாகை வடக்கே இருக்கிறது. யூன் 21இல் சூரியன் 23.4 பாகை வடக்கே நிற்கிறது. அதாவது சூரியன் எங்களுக்கும் வடக்கே போய்விடுகிறது. அதே நாள் உரோமில் அதே தடி 33 சென்ரிமீற்றர் நிழலை வடக்கே போடும். உரோமர்களுக்கு வருசம் முழுக்க நண்பகல் நிழல் வடக்கேதான். ஆக, பிளினி சொன்னது சரி எண்டு படும்.

ஆனால் டிசம்பர் 21க்குத் திரும்ப அதே இடத்தில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நிழல் 65 சென்ரிமீற்றர், வடக்கே. உரோமில் 217 சென்ரிமீற்றர், அதுவும் வடக்கே. எங்களுக்கு ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் சூரியன் உச்சம் கொடுக்கிறது. அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம்தான் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. மிச்ச ஏழரை மாதமும் உரோமரைப் போல எங்களுக்கும் வடக்கேதான். எனவே வடக்கே விழுகிற நிழலைப் பார்த்து ஒரு இலங்கையர் வியந்திருக்க நியாயமில்லை. அது அவர் வருசத்தின் பெரும்பகுதி கண்ட நிழல்.

இரண்டாவது விசயமும் இதோடு சேர்ந்ததுதான். நண்பகல் சூரியனைப் பார்த்தபடி நிற்கிற உரோமர் தெற்கு நோக்கி நிற்பார். கிழக்கு அவருக்கு இடப்பக்கம். யூன் மாதத்தில் அப்படி நிற்கிற யாழ்ப்பாணத்தவர் வடக்கு நோக்கி நிற்பார், கிழக்கு வலப்பக்கம். டிசம்பரில் திரும்ப இடப்பக்கம். இதிலும் பாதி உண்மைதான். அதோடு இது திசை பிடிக்கிறவருக்கு ஒரு எச்சரிக்கையும். 'நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்' என்று ஐரோப்பியக் கைநூல்களில் இருக்கிற விதியை இங்கே யூனில் பின்பற்றினால் நேர் எதிர்த்திசைக்குப் போய்விடுவோம். எந்த மாதத்திலும் மாறாதது ஒன்றே: காலை ஆணி மேற்கு, மாலை ஆணி கிழக்கு. மேற்கு இடக்கையில், கிழக்கு வலக்கையில் வரும்படி நின்றால் முகம் வடக்கே பார்க்கும்.

மூன்றாவது விசயம் நட்சத்திரம். கார்த்திகை எங்கள் தலைக்குக் கிட்டவாகவே போகிற கூட்டம். அதை உரோமில்தான் முதலில் கண்டார்கள் என்பது நடக்கவே முடியாத கதை. ஏழுமுனிவரும் எங்களுக்குத் தெரியாததில்லை. கலியாண வீட்டில் காட்டுகிற அருந்ததி அந்தக் கூட்டத்தின் வால்பகுதியில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே முன்னிரவில் அது வடவானில் உயரமாக நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உரோமில் ஏழுமுனிவர் மறைவதே இல்லை. இரவு முழுக்க வடக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே அது உதித்து மறையும். தூதர்கள் ஏதாவது வியந்திருந்தால், மறையாத அந்தக் கூட்டத்தைப் பார்த்து வியந்திருக்கலாம். அது மொழிபெயர்ப்பில் 'எங்கள் நாட்டில் இல்லை' என்று மாறியிருக்கலாம்.

நான்காவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதற்குத் துருவ நட்சத்திரம் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். இன்றைக்கு அது வானத்தின் வட துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதைக் கண்டால் வடக்கைக் கண்டதுதான். ஏழுமுனிவரில் வாலுக்கு எதிர்ப்பக்கத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் அது கிடைக்கும். ஆனால் ஒரு ஊரின் அகலக்கோடு எவ்வளவோ, துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே கிட்டத்தட்ட அவ்வளவு பாகைதான் நிற்கும். உரோமில் 42 பாகை. யாழ்ப்பாணத்தில் பத்துக்கும் குறைய. கையை நீட்டிப் பிடித்த ஒரு முட்டி உயரம். மாத்தறையில் 6 பாகை. அந்த உயரத்தில் கடற்புகாரே அதை மங்கடித்துவிடும். கரையில் என்றால் பனையும் தென்னையும் மறைக்கும்.

தூதர்கள் போன காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பூமியின் அச்சு பம்பரம் போலத் தலை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருசம். அதனால் இன்றைய துருவ நட்சத்திரம் அன்று துருவத்திலிருந்து 12 பாகை அளவில் விலகி நின்றது. துருவத்தில் நட்சத்திரமே இல்லை என்று கிரேக்கரான பைத்தியஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்தில் வானத் துருவம் 9.7 பாகை உயரத்தில். அதைச் சுற்றி 12 பாகையில் ஓடுகிற நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் அடிவானத்துக்குக் கீழே போகும். இன்று நாங்கள் அசையாதது என்று சொல்கிற நட்சத்திரம் அன்று எங்கள் கடலில் உதித்து மறைந்தது.

நட்சத்திரம் வடக்கு எது என்று மட்டும்தான் சொல்லும். கரை எங்கே என்று சொல்லாது. பறவை வடக்கைச் சொல்லாது. ஆனால் கரையைச் சொல்லும். நிலம் தேடுகிற பறவையோடு கடலுக்குப் போகிற வணிகர்கள் பாளி மொழியின் தீக நிகாயத்திலும் உவமையாக வருகிறார்கள். ஆக, பிளினி இதைச் சும்மா கற்பனை செய்யவில்லை.

அப்படியென்றால் முதல் மூன்றும் ஏன் பிழைத்தன? இலங்கை நெடுங்காலமாக எதிர்ப்பக்கத்து மனிதர் வாழும் வேறொரு உலகமாகக் கருதப்பட்டது என்று பிளினியே அதே பகுதியில் எழுதுகிறார். எதிர் உலகம் என்றால் நிழலும் எதிராக விழவேண்டும், வானமும் வேறாக இருக்க வேண்டும். தூதர்கள் நாலரை மாதத்து நிழலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்கள் அதை வருசம் முழுவதற்குமாக எழுதிவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. தங்கள் மனதில் முதலே இருந்த படத்துக்கு அது பொருந்தியது. மிச்ச ஏழரை மாதத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.