பிகாச்சுவின் வால் நுனி கறுப்பா? பலருக்கும் ஒரே தப்பு ஞாபகம் வருவது ஏன்?

போகிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் நிறக் குட்டி பிகாச்சுவை ஒரு நிமிஷம் மனசுக்குள் கொண்டு வாருங்கள். அதன் வால் நுனி என்ன கலர்?

'கறுப்பு' என்று தோன்றினால் நீங்கள் தனி ஆள் இல்லை. உலகம் முழுக்கப் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் வால் நுனி மஞ்சள்தான். கறுப்பு இருப்பது காது நுனியில்!

இதற்கு 'மண்டேலா எஃபெக்ட்' என்று பெயர். நெல்சன் மண்டேலா 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டதாகப் பலர் 'ஞாபகம்' வைத்திருந்ததால் வந்த பெயர் இது. உண்மையில் அவர் 1990-ல் விடுதலையாகி, 2013-ல்தான் காலமானார்.

மறதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஆளுக்கொரு தப்பு வராமல், எல்லோருக்கும் அதே தப்பு வருவது எப்படி?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் இதைச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரபலமான 40 லோகோக்கள், கார்ட்டூன் பாத்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அசல் ஒன்று, மாற்றிய படம் இரண்டு என 100 பேரிடம் காட்டினார்கள். 7 படங்களில் பலரும் அசலை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஒரே தப்புப் படத்தைக் கை காட்டினார்கள். பிகாச்சுவும் அதில் ஒன்று.

தப்பான படத்தைக் கண்ணில் காட்டியதால் குழம்பினார்களோ என்ற சந்தேகம் வரும் இல்லையா? அதனால் வேறு சிலரிடம் படமே காட்டாமல், ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள். அப்போதும் அதே தப்புகள் தானாகவே வந்து விழுந்தன.

சரியாகக் கவனிக்காததுதான் காரணமா? படத்தில் எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்றும் கண்காணித்தார்கள். இதற்குக் காரணமாகச் சொல்லும்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: மூளை போட்டோ எடுத்து வைப்பதில்லை. முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை 'இப்படித்தான் இருக்கும்' என்று நிரப்பிவிடுகிறது. மோனோபொலி விளையாட்டின் பணக்காரத் தாத்தாவுக்கு ஒற்றைக் கண்ணாடி இருப்பதாகப் பலர் சொல்வது இப்படித்தான். தொப்பி, கோட், கைத்தடி எல்லாம் இருக்கும்போது கண்ணாடியும் பொருந்திப்போகிறது. எதிர்பார்ப்பு ஒன்று என்பதால் தப்பும் ஒன்றாகிவிடுகிறது.

ஆனால் இந்த விளக்கம் எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை. 'ஃப்ரூட் ஆஃப் தி லூம்' என்ற அமெரிக்க உள்ளாடை பிராண்டின் லோகோவில் இருப்பது பழங்களும் இலைகளும் மட்டுமே. பலரோ பின்னால் கொம்பு வடிவக் கூடை ஒன்று இருந்ததாகச் சாதிக்கிறார்கள். பழம் என்றால் தட்டுதானே முதலில் நினைவுக்கு வர வேண்டும்? சோதனையில் தட்டு வைத்த படமும் இருந்தது. ஆனாலும் தப்பாகச் சொன்னவர்களை இழுத்தது கூடைதான்.

எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் ஒரே காரணம் கிடைக்கவில்லை என்றுதான் அந்த ஆய்வே முடிகிறது.