'ஏதாவது நல்ல பாட்டா போடு': ஸ்மார்ட் ஸ்பீக்கர் திருப்பிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது?

டெல்லி மயூர் விஹாரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, வேலைக்குப் போகும் தம்பதி, கல்லூரியில் படிக்கும் பெண். ஹாலில் ஒரு எக்கோ ஸ்பீக்கர். சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே ஒருவர் சொல்கிறார்: "அலெக்ஸா, குச் அச்சா பஜாவோ." ஏதாவது நல்லதா போடு, அவ்வளவுதான்.

யார் பாட்டு, எந்த மொழி, எந்தக் காலத்துப் பாட்டு என்று எதுவுமே அதில் இல்லை. ஸ்பீக்கர் உடனே ஒரு பாட்டைப் போட்டுவிடலாம், அல்லது ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பதென்றால் எதைக் கேட்பது?

ஏன் ஹிந்தியில் சொல்ல வேண்டும்?

எக்கோ ஸ்பீக்கர்கள் இந்தியாவுக்கு வந்தது 2017இல். முதலில் ஆங்கிலம் மட்டும்தான். 2019 செப்டம்பரில் ஹிந்தியும் சேர்ந்தது. அதனால்தான் டெல்லித் தமிழ் வீடுகளில் தமிழ்ப் பாட்டைக்கூட ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ கேட்கிறார்கள். ஒருவர் ஹிந்தியில் பேசினார் என்பதற்காக அவருக்கு ஹிந்திப் பாட்டுதான் வேண்டும் என்று ஸ்பீக்கர் முடிவு கட்ட முடியாது.

ஏன் ஒரே ஒரு கேள்விதான்?

செல்போன் திரையில் பத்துப் படங்களைக் காட்டினால் கண் ஒரே நொடியில் மேய்ந்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஐந்தாவது விருப்பத்தைச் சொல்லி முடிக்கும்போது முதலாவது மறந்துபோயிருக்கும்.

நேரமும் குறைவு. அலெக்ஸாவுக்குச் செயலி எழுதுபவர்களுக்கான அமேசானின் விதிப்படி, கேள்வி கேட்டபின் ஸ்பீக்கர் சுமார் 8 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டும், இன்னொரு 8 நொடி பார்க்கும், பிறகு உரையாடலை மூடிவிடும். அதைவிட முக்கியம், 'ஏதாவது' என்று சொன்னவர் முடிவெடுக்க விரும்பாமல்தான் அப்படிச் சொன்னார். இரண்டாவது கேள்வி வந்தாலே "அட, விடு" என்றுவிடுவார்.

எந்தக் கேள்வி நல்ல கேள்வி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. இந்த வீட்டில் 100 சாயங்காலங்களில் 'நல்லதா போடு' என்றபோது உண்மையில் விரும்பியது: பழைய தமிழ்ப் பாட்டு 30 முறை, புதிய தமிழ்ப் பாட்டு 25, பழைய ஹிந்தி 20, புதிய ஹிந்தி 15, கர்நாடக இசை 10.

கேள்வியே கேட்காமல் எப்போதும் பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டால் 30 முறை சரியாக வரும்.

"கர்நாடக சங்கீதம் வேணுமா?" என்று கேட்டால்? பத்து முறை 'ஆமா' வரும், அது பத்தும் சரி. மீதி 90 முறை 'இல்ல'. அப்போதும் பழைய தமிழ்தான் நல்ல ஊகம், அதில் 30 சரி. மொத்தம் 40.

"தமிழா, ஹிந்தியா?" என்று கேட்டால்? தமிழ் என்றால் பழைய தமிழ் (30), ஹிந்தி என்றால் பழைய ஹிந்தி (20). மொத்தம் 50.

"பழசா, புதுசா?" என்று கேட்டால்? பழசு என்றால் பழைய தமிழ் (30), புதுசு என்றால் புதிய தமிழ் (25). மொத்தம் 55.

தமிழ் வீடு என்றதும் மொழியைத்தான் கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே காலத்தைக் கேட்பதுதான் அதிகம் உதவுகிறது. காரணம் எளிது. இந்த வீட்டில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவை இரண்டுமே தமிழ். மொழியைக் கேட்டால் அவை ஒரே பக்கம் விழுகின்றன, ஸ்பீக்கர் மறுபடி ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதிக வாய்ப்புள்ள இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் நல்ல கேள்வி. இரண்டே பதில் உள்ள எந்தக் கேள்வியாலும் இந்த வீட்டில் 55ஐத் தாண்ட முடியாது.

இணையத் தேடலிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2019இல் லுகானோ, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெளிவற்ற தேடல்களுக்கான கேள்விகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மிகச் சரியான ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், முதலில் வரும் விடையின் துல்லியம் 170 சதவீதத்துக்கு மேல் கூடும் என்பது அவர்களின் முடிவு. 'மிகச் சரியான' என்பதை மறக்கக் கூடாது. நம் கணக்கிலேயே கர்நாடக சங்கீதக் கேள்வி பத்து முறைதான் கூடுதலாக உதவியது.

அப்படியென்றால் ஏன் பெரும்பாலும் கேட்காமலே போட்டுவிடுகிறது?

கேள்விக்கும் ஒரு விலை உண்டு. கேட்டு, பதில் வாங்க 5 நொடி ஆகிறது என்று வையுங்கள். 100 முறைக்கு 500 நொடி. அதற்குக் கிடைப்பது கூடுதலாக 25 சரியான பாட்டுகள். ஆக, ஒவ்வொரு சரியான பாட்டுக்கும் நாம் தருவது 20 நொடி. தப்பான பாட்டை "நெக்ஸ்ட்" என்று சொல்லி அதற்குள் மாற்றிவிடக் கூடியவருக்குக் கேள்வி வெறும் தொல்லை.

ஆனால் எல்லோருக்கும் 20 நொடி ஒன்றல்ல. அலெக்ஸா என்று கூப்பிட்டு, ஆங்கிலத்தில் திருத்திச் சொல்லத் தயங்கும் பாட்டி, பிடிக்காத பாட்டை முழுசாகக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தப்பான ஊகத்தின் விலை நாலைந்து நிமிடம். ஒரே ஸ்பீக்கர், ஒரே வீடு. பேத்திக்குக் கேள்வி வேண்டாம், பாட்டிக்கு வேண்டும். பேசுவது யார் என்று குரலை வைத்து அடையாளம் காண்பது இங்கேதான் உதவும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. "பழைய தமிழ்ப் பாட்டு போடறேன்" என்று சொல்லிவிட்டு உடனே ஆரம்பிப்பது. வேண்டாம் என்பவர் மட்டும் பேசினால் போதும். பதில் வராவிட்டாலும் பாட்டு நிற்காது.

கேள்வி எங்கே சொதப்பும்?

"பழைய பாட்டு வேணுமா, புதுப் பாட்டு வேணுமா?" என்று இழுத்துக் கேட்டால் பலர் "ஆமா" என்பார்கள். குரல்வழி வடிவமைப்பில் இது நன்கு தெரிந்த சிக்கல். முதல் பாதியைக் கேட்டதுமே பதில் வாயில் வந்துவிடுகிறது. "பழசா, புதுசா?" என்று சுருக்கினால் 'ஆமா' என்று சொல்ல இடமில்லை. இரண்டு பதில்களும் ஒலியில் வேறாக இருப்பதும் நல்லது. குக்கர் விசிலுக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவே ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் குழம்பும்.

எந்தக் கேள்வியிலும் விட்டுப்போகிறவர்கள் இருப்பார்கள். கர்நாடக இசை வேண்டும் என்பவருக்குப் 'பழசா, புதுசா' என்பதே பொருந்தாத கேள்வி. அவர் நேராக "கர்நாடிக்" என்று பதில் சொன்னால் அதையும் ஏற்கும்படி ஸ்பீக்கர் இருக்க வேண்டும். கேட்ட இரண்டு பதில்களில் ஒன்றைத்தான் ஏற்பேன் என்று அடம்பிடித்தால், கேட்ட கேள்வி வீண்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

ஸ்பீக்கர் கேட்காவிட்டாலும், அது கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கான பதிலை நாமே உத்தரவில் சேர்த்துவிடலாம். 'ப்ளே ஓல்ட் தமிழ் சாங்ஸ்' என்பதில் 'ஓல்ட்', 'தமிழ்' என்று இரண்டே சொற்கள்தான் கூடுதல். நம் கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அலெக்ஸா செயலியில் அவர்களின் குரலுக்குத் தனி வாய்ஸ் ஐடி பதிவு செய்து வையுங்கள். பேத்தி கேட்ட பாட்டுகளை வைத்துப் பாட்டியின் ரசனையை ஊகிக்கும் வாய்ப்பு குறையும்.