நஞ்சும் பூட்டும்: புற்றுநோய் மருந்துகளின் இரு வழிகள்



கண்டி தேசிய வைத்தியசாலையில் ஒரு புற்றுநோயாளிக்கு நாளத்தின் வழியே மருந்து ஏற்றுவர்; மற்றொருவரிடம் குளிசைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவர். முன்னவருக்கு முடி உதிரும். பின்னவருக்குப் பெரும்பாலும் உதிராது. அதனால் குளிசையை வலிமை குறைந்த மருந்தென்று எண்ணி, இடையிடையே விட்டுவிடுவோர் உளர். இவ்வெண்ணம் பிழையென்பதை இம்மருந்துகளின் வரலாறே காட்டும்.

முதலாம் உலகப்போரில் கடுகுவாயு பட்ட வீரர்களின் இரத்தத்தில் வெண்கலங்கள் குறைந்திருந்தன. அவ்வாயுவின் இனத்தைச் சேர்ந்த நைதரசன் கடுகு 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. கட்டி கரைந்தது, சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தது. இவ்வகை மருந்து, பிரியும் கலத்தைச் சிதைப்பது. என்புமச்சையும் மயிர்வேரும் குடலின் உட்படையும் ஓயாது பிரிவன. ஆகவே அவையும் அடிபடுகின்றன. அவை தேறுவதற்காகவே சில வார இடைவெளி விட்டு மருந்தை ஏற்றுகின்றனர்.

மற்றைய வழி இதனினும் பழையது. கிளாஸ்கோ நகர வைத்தியர் பீற்சன், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதை 1896இல் வெளியிட்டார். ஆனால், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே பயன் கிட்டியது. காரணம் பல்லாண்டுகளின் பின்னரே விளங்கிற்று: ஈத்திரசன் என்னும் ஓமோனை ஏற்கும் பூட்டுப் போன்ற புரதம் சில கட்டிகளிலேதான் உண்டு. தமொக்சிபன் அப்பூட்டினுள் அமர்ந்து ஓமோனைத் தடுக்கிறது. பூட்டில்லாத கட்டிக்கு அது பயன்தராது. ஆதலால் கட்டியின் துணுக்கை முதலிற் சோதிப்பர்.

1960இல் பிலடெல்பியாவில், நாட்பட்ட ஒருவகை இரத்தப் புற்றுநோயாளிகளிடம் குறுகிய நிறமூர்த்தமொன்று காணப்பட்டது. ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அதுவென 1973இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜனற் றோலி அம்மையார் கண்டார். அவ்வொட்டிலிருந்து பிறப்பது ரைரோசின் கைனேஸ் என்னும் நொதியம். பிற புரதங்களின் ரைரோசினிற் பொசுபேற்றை ஏற்றி, ‘பிரிக’ என ஓயாது கட்டளையிடுவது அதன் தொழில். பொசுபேற்றைத் தரும் மூலக்கூறு வந்து பொருந்தும் பள்ளத்தில் இமற்றினிப் அமர்ந்துகொள்ளும், கட்டளை நின்றுவிடும். 1998இல் தொடங்கிய சோதனையில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேரின் இரத்தக் கணக்கு வழமைக்குத் திரும்பியது.

தீங்கேயற்ற மருந்தென்று கொள்ளற்க. கண்ணிமை வீங்கும், தசை பிடிக்கும். குளிசையை விட்டால், பள்ளம் வெறுமையாகிக் கட்டளை மீண்டும் தொடங்கும். ஒழுங்காக உட்கொண்டாலும், நொதியத்தின் 315ஆம் இடத்து அமினோவமிலம் மாறிவிட்டால் இமற்றினிப் அங்கே பொருந்தாது. நோயாளி நலமாகத் தோன்றும்போதே இம்மாற்றத்தை அறிய வழியுண்டு: ஒட்டிய பரம்பரையலகின் அளவை இரத்தத்திற் குறித்த காலங்களில் அளப்பர், இறங்கிய அளவு மீண்டும் ஏறினால், குளிசை தவறியதா, பூட்டு மாறியதா என்று வைத்தியர் ஆராய்வர். மாறிய அப்பூட்டுக்கும் பொருந்தும் பொனற்றினிப் 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.