ஒட்டிய காலனிகளும் குறைந்த கணக்கும்

1887-இல் பெட்ரி மூடியுள்ள தட்டை அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு பாக்டீரியா பெருகி ஒரு காலனியாகும். காலனியை எண்ணினால் போதும். ஆனால் நெருங்கி விழுந்தவை ஒட்டிக்கொள்ளும், நாமும் ஒன்று என்றே எண்ணிவிடுவோம். 1916-இல் அமெரிக்காவில் பிரீடும் டாட்டரரும் 30 முதல் 400 வரை காலனியுள்ள தட்டுகளே நம்பத்தக்கவை என்றனர். இன்று 30–300 என்பதே வழக்கம்.

கோல சிலாங்கூர்த் தோட்டக் கிணற்று நீரை மாணவர்கள் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு 1 மில்லிலிட்டர். 100 மடங்கு நீர்த்த தட்டில் 90 காலனி. அப்படியென்றால் 10 மடங்கு நீர்த்த தட்டில் ஏறக்குறைய 900 இருக்கணும். படத்தில் எண்ணினால் 600-தான்! மீதி எங்கே போச்சு? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எட்டு வடிவில், இடுப்பு ஒடுங்கியவை இரண்டு காலனிகள். முழுதாக ஒன்றியவற்றை எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆகவே நீர்த்த தட்டின் 90-ஐயே 100-ஆல் பெருக்கி, மில்லிலிட்டருக்கு 9,000 என எழுதச் சொல்லுங்கள்.