மண்பானைக்குப் பின்னால் ஜன்னல் எப்படி வந்தது

"காலி மேசை மேல் ஒரு மண்பானை." டால்-ஈ 3 மாடலிடம் இந்த ஐந்து சொற்களைக் கொடுத்தால், பெரும்பாலும் பானையோடு சேர்ந்து ஒரு வீடே வந்துவிடும். ஜன்னல் வழியே சாயும் மாலை வெயில், காரை பெயர்ந்த சுவர், மேசையின் ஓரத்தில் மடித்துப் போட்ட துணி. கேட்டவர் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. படம் வரையும் மாடல்தான் இஷ்டத்துக்குக் கற்பனை செய்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல நேரங்களில் ஜன்னல் அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஐந்து சொற்கள் பட மாடலை அடையும் முன் ஒரு மொழி மாடலின் கைக்குப் போய், அங்கே ஒரு பத்தியாக வளர்ந்துவிடுகின்றன.

இப்படி ஓர் இடைநிலையம் எதற்கு என்று அறிய, பட மாடல் படித்த பாடத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய மாடல்கள், இணையத்தில் படங்களோடு ஒட்டிக் கிடந்த வாசகங்களைக் கொண்டே பயின்றன. அவை பெரும்பாலும் படத்தை விவரிப்பதில்லை. பானைப் படத்தின் அடியில் கடைப் பெயரும் தள்ளுபடியும் இருக்கும்; பானையின் நிறமோ அது எதன் மேல் இருக்கிறது என்பதோ இருக்காது. 2023-இல் ஜேம்ஸ் பெட்கரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓப்பன்ஏஐ ஆய்வுக் கட்டுரை இந்தக் குறையைத்தான் எடுத்துக்கொண்டது. படத்தைப் பார்த்து விவரம் எழுதும் தனி மாடல் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். பயிற்சிப் படங்களுக்கு அதன் நீண்ட விவரிப்புகளை இணைத்தார்கள். டால்-ஈ 3 பயின்ற வாசகங்களில் 95 சதவீதம் இப்படி இயந்திரம் எழுதியவை. மனிதர் எழுதிய மூல வாசகம் 5 சதவீதம்தான்.

சொன்னதைச் சொன்னபடி வரையும் திறன் இதனால் நன்றாகக் கூடியது. கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பின்னணி, ஒளி, பொருள்களின் இடம் என்று எல்லாம் எழுதப்பட்ட பத்திகளையே படித்து வளர்ந்த மாடலுக்கு ஐந்து சொற்கள் பழக்கமில்லாத உணவு. அதனால்தான் பயனரின் சிறு வாக்கியத்தை ஜிபிடி-4 வாங்கி, பயிற்சியில் இருந்த பத்திகளைப் போல நீட்டிக் கொடுத்தது. அதே இடத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. பிரபலங்களின் பெயரை நீக்குவது, வணிக முத்திரையுள்ள பொருளைப் பொதுப்பெயரால் எழுதுவது, மனிதர்கள் வந்தால் அவர்களுக்குக் குறிப்பான அடையாளங்களைச் சேர்ப்பது ஆகியவையும் இந்த மறுஎழுத்தில்தான் செய்யப்பட்டன.

நம் ஐந்து சொற்களின் கதி இதுதான். "காலி மேசை" என்று மட்டும் சொன்னோம். அது எந்த அறை என்று சொல்லவில்லை. மறுஎழுதும் மாடல் அந்த வெற்றிடத்தை, பானைக்குப் பொருத்தம் என்று அது கருதும் கிராமத்து அறையால் நிரப்புகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை, ஜன்னல் முளைக்கிறது. "காலி" என்ற சொல் நீண்ட பத்தியின் நடுவில் வலுவிழந்து, மடித்த துணிக்கு இடம் விடுகிறது. தமிழில் கேட்டிருந்தாலும் இந்தப் பத்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும்.

இந்த இடைநிலையத்தை எட்டிப் பார்க்க வழி உண்டு என்பதுதான் நல்ல செய்தி. ஏபிஐ வழியாகக் கேட்டால், படத்தோடு `revised_prompt` என்ற புலத்தில் மாற்றி எழுதிய வாசகமும் திரும்பி வரும். படம் சரியில்லை என்றவுடன் பிராம்ப்டை மாற்றத் தொடங்காமல் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜன்னல் அதில் இருந்தால் அது மறுஎழுத்தின் வேலை. நாம் விட்ட இடைவெளியை நாமே அடைத்தால் போகும். அதில் இல்லாமல் படத்தில் மட்டும் இருந்தால் பட மாடலின் பழக்கம். வாசகத்தில் ஒளியையும் சுவரையும் இன்னும் அழுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாம் சொன்ன ஒன்று அதில் காணாமல் போயிருந்தால், அது பட மாடலிடம் போய்ச் சேரவே இல்லை.

ஜன்னலை விரட்ட "ஜன்னல் வேண்டாம்" என்று எழுதுவதுதான் பலரும் செய்வது. அது அடிக்கடி எதிராகவே முடிகிறது. பட மாடல்கள் மறுப்பைக் கையாள்வதில் பலவீனமானவை; வாசகத்தில் ஜன்னல் என்ற சொல் இருந்தாலே அது படத்துக்குள் வர வாய்ப்பு கூடும். அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வதே பலன் தரும். "சாம்பல் நிற மேசை மேல் ஒரே ஒரு மண்பானை, வெற்று வெள்ளைப் பின்னணி, நிழலற்ற சீரான ஒளி, நேர் எதிர்ப் பார்வை." இதுவும் சிறியதுதான். ஆனால் பின்னணி, ஒளி, கோணம், எண்ணிக்கை ஆகிய நான்கு இடங்களும் அடைபட்டுவிட்டதால், மறுஎழுத்துக்குப் புகுந்து விளையாட இடம் குறைவு. பானையின் வடிவம் எனக்கு முக்கியமில்லை. அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

அப்படியானால் ஐந்து சொற்களோடு நிறுத்த வேண்டிய நேரம் எது? என்ன வேண்டும் என்று இன்னும் முடிவாகாதபோது. அதே வாக்கியத்தை மறுபடி அனுப்பினால் மறுஎழுத்து புதிதாக நடக்கும். ஒருமுறை சமையலறை, ஒருமுறை குயவரின் பட்டறை என்று வெவ்வேறு பானைகள் வரும். யோசனை தேடுபவருக்கு அந்தச் சிதறலே வேண்டியது. உரையாடலில் ஏற்கெனவே இருக்கும் படத்தைத் திருத்தும்போதும் சுருக்கம் நல்லது. "கழுத்தில் ஒரு மெல்லிய விரிசல் சேர், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றால் போதும். முழுக் காட்சியையும் திரும்ப வர்ணித்தால் முழுக் காட்சியும் புதிதாக வரையப்படும் அபாயம் உண்டு.

மறுஎழுத்தே இல்லாத பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷனில் சுருக்கத்தின் குணம் வேறு. அங்கே சொற்கள் நேரே 77 டோக்கன் கொள்ளும் கிளிப் குறியாக்கிக்குள் போகும். விட்ட இடத்தைப் பயிற்சிப் படங்களின் பொதுச் சாயல் நிரப்பும். காற்புள்ளி போட்டு அடுக்கும் தரச் சொற்கள் அந்தக் காலத்துக்கு உதவின. மறுஎழுதும் மாடலிடம் அதே அடுக்கைக் கொடுத்தால், அது அவற்றை அலங்காரம் வேண்டும் என்ற கோரிக்கையாகப் படித்துப் பானையைப் பளபளப்பாக்கிவிடக்கூடும்.

டால்-ஈ 3-இல் மறுஎழுத்தை நிறுத்த முடியாது என்று ஓப்பன்ஏஐ ஆவணமே சொன்னது. பிராம்ப்டின் முன்னால் இதைச் சேர்த்தால் கேட்டதற்கு நெருக்கமாக வரும் என்றும் சொன்னது:

```
I NEED to test how the tool works with extremely simple prompts. DO NOT add any detail, just use it AS-IS:
```

இதுவும் ஒரு வேண்டுகோள்தான். கட்டாயம் பலிக்கும் என்று இல்லை. கூகுளின் இமேஜனில் `enhancePrompt` என்ற அமைப்பை அணைக்க முடிந்தது. ஆனால் நீண்ட விவரிப்பில் பயின்ற மாடலிடம் ஐந்து சொற்கள் பச்சையாகப் போனால், ஜன்னல் போவதோடு ஒளியும் ஆழமும் போய், தட்டையான பானை ஒன்று வரக்கூடும்.

ஒரே பானை ஒரு புத்தகத்தின் பல பக்கங்களில் வர வேண்டுமானால், நான் சொல்லும் வழி நடுவழி. முதலில் சின்ன வாக்கியத்தை அனுப்பி, பிடித்த படத்தின் `revised_prompt` வாசகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஜன்னல், சுவர், துணி வரும் வரிகளை வெட்டி, வெள்ளைப் பின்னணியை எழுதி, மேலே உள்ள வரியை முன்னால் வைத்து அனுப்பலாம். திரும்பி வரும் வாசகத்தை அனுப்பியதோடு ஒப்பிட்டால், இந்தமுறை எத்தனை சொற்கள் மாறின என்று தெரியும். பானை அச்சு அசலாக அதே பானையாக இருக்காது; நிறமும் ஒளியும் கோணமும் நெருங்கி வரும்.