வங்கி உத்தரவாதம்: மார்ஜின் வைப்பும் ஆண்டுக் கமிஷனும்

மார்ஜின் வைப்பு என்பது, வாடிக்கையாளருக்காக வங்கி எழுதித் தரும் உத்தரவாதத்துக்கு ஈடாக, அவருடைய பணத்தில் ஒரு பகுதியை வங்கியே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. உத்தரவாதம் நடப்பில் இருக்கும் காலம் முழுவதற்கும், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கமிஷனும் உண்டு. அரசு வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் இந்த உத்தரவாதத்தை ‘பி.ஜி.’ என்பார்கள்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். வேலை கொடுக்கும் துறை, வேலை எடுத்தவர், அவருக்காகப் பொறுப்பேற்கும் வங்கி என இதில் மூன்று தரப்புகள். ஒப்பந்தக்காரர் தவறினார் என்று துறை எழுதிக் கேட்டால், வங்கி மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்ட வேண்டும். தகராறில் நியாயம் யார் பக்கம் என்று விசாரிப்பது அதன் வேலையல்ல. அப்படிக் கட்டும்போது முதலில் மார்ஜின் வைப்பை உடைத்து எடுத்துக்கொள்ளும். மீதி ஒப்பந்தக்காரரின் பெயரில் கடனாக ஏறும்.

வைப்பு எப்படிப் பூட்டப்படுகிறது

மார்ஜின் பெரும்பாலும் நிரந்தர வைப்பாகவே இருக்கும். ரசீது ஒப்பந்தக்காரர் பெயரில்தான். வட்டியும் அவருக்கே சேரும். ஆனால் வங்கி அதன்மேல் ‘லியன்’ குறித்துவிடும். அது நீங்கும்வரை வைப்பை முறிக்க முடியாது. எவ்வளவு மார்ஜின் என்பது வாடிக்கையாளரின் வரவு செலவையும் அவர் கொடுக்கும் மற்ற அடமானங்களையும் பொறுத்தது. கடன் வரம்பு ஏற்கெனவே ஒப்புதலானவருக்குக் குறைவாகவும், புதிதாக வருபவருக்கு முழுத் தொகைக்கும்கூடக் கேட்பார்கள். நிறுவனங்கள் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில் இந்தப் பணத்தைச் சாதாரண வங்கி இருப்போடு கலக்காமல் தனியே காட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

10 லட்சம் ரூபாய்க்கு ஓர் உத்தரவாதம் என்று வைத்துக்கொள்வோம். மார்ஜின் 25 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம். கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 20,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600. கமிஷன் மார்ஜின் போக மீதித் தொகைக்கு அல்ல, முழு 10 லட்சத்துக்கும் போடப்படுகிறது. புதிதாக பி.ஜி. எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

கண்ணில் படாத செலவு ஒன்றும் இருக்கிறது. வைப்புக்கு 6.5 சதவீத வட்டி வருகிறது; அதே ஒப்பந்தக்காரர் சிமெண்ட், கம்பி வாங்க 11 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் எடுக்கிறார். இரண்டரை லட்சத்துக்கு இந்த வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 11,250 ரூபாய். முழுத் தொகையையும் மார்ஜினாக வைத்தால் கமிஷனைப் பல வங்கிகள் குறைத்துக்கொள்ளும். அரை சதவீதமாகவே குறைத்தாலும், 10 லட்சம் முடங்குவதால் போகும் வட்டி 45,000 ரூபாய். குறைந்த கமிஷனைப் பார்த்து மயங்கியவர் மொத்தத்தில் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

கோரிக்கைக் காலம் என்னும் நீட்சி

உத்தரவாதத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று அது செல்லுபடியாகும் கடைசி நாள். மற்றொன்று, அதற்குள் நேர்ந்த தவறுக்காகத் துறை பணம் கேட்கக்கூடிய கடைசி நாள். கமிஷன் பொதுவாக இரண்டாம் தேதிவரை ஓடும். மேலே கண்ட உத்தரவாதம் இரண்டு ஆண்டுக்கு என்றால் வரியோடு 47,200 ரூபாய்; ஓராண்டுக் கோரிக்கைக் காலம் சேர்ந்தால் 70,800. மார்ஜினும் அந்த ஓராண்டு கூடுதலாக முடங்கும்.

இந்த ஓராண்டைப் பற்றிய வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் புதிய விலக்கைச் சேர்த்தது. அதன்படி கோரிக்கைக் காலம் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று வங்கிகள் பொருள் கொண்டன. தேவையில்லாமல் கமிஷன் கட்ட வேண்டியிருக்கிறது என்று லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பஞ்சாப் நேஷனல் வங்கிமீது வழக்குத் தொடுத்தது. அந்த ஓராண்டு, உரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்துக்குப் போவதற்கான காலத்தைப் பற்றியது. வங்கியிடம் கோரிக்கை வைக்கும் காலத்தைப் பற்றியது அல்ல என்று 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

விடுவிப்பு

கெடு முடிந்துவிட்டால் வைப்பு தானாகத் திரும்பிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கி பொதுவாகக் கேட்பது காகிதத்தில் வழங்கிய அசல் உத்தரவாதப் பத்திரத்தை, அல்லது பொறுப்பு தீர்ந்தது என்று துறை தரும் கடிதத்தை. அந்தக் கடிதம் கிடைக்காமல் இழுபட்டால் லியனும் நீளும். இன்னொரு சிக்கல், கெடுவுக்குச் சில நாள் முன்பு ‘நீட்டித்துக் கொடு, இல்லையேல் பணத்தைக் கட்டு’ என்று துறையிலிருந்து வங்கிக்கு வரும் கடிதம். நீட்டித்தால் புதிய காலத்துக்கும் கமிஷன் பிடிக்கப்படும். வேலை முடிந்து, பத்திரம் கெடுவுக்கு முன்பே திரும்பி வந்தால், மீதிக் காலத்துக்கான கமிஷனில் ஒரு பகுதியைச் சில வங்கிகள் திருப்பித் தருகின்றன; அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.